ஐபிஎல் கணிப்பு: 44 சரி, 46 சரி. யார் தேவலை?

மூணாவது ஸ்லிப் | ஜூன் 8, காலை 7.12

சீசன் முழுக்க ஒவ்வொரு மேட்சுக்கும் டாஸ் போடும் முன்னாடியே "இந்த டீம் ஜெயிக்கும், இத்தனை சதவீதம்" என்று குரூப்பில் போட்டு வந்தேன். மழையில் போனதும் நான் எழுத விட்டதும் போக 70 மேட்ச் கணக்கில் இருக்கிறது. அதில் 44 சரி. நண்பன் ஒருத்தன் அதே 70-க்கும் கணிப்பு போட்டான், அவனுக்கு 46 சரி. ஆனால் அவன் எல்லா மேட்சுக்கும் 90% என்றே போட்டான். நான் 55, 65, 75, 90 என்று பிரித்துப் போட்டேன்.

இப்போது அவன்தான் ஜெயித்தான் என்று குரூப் முழுக்க ஆட்டம். 90% என்று சொல்லிவிட்டு 70-ல் 24 தப்பு விடுவது எப்படி நல்ல கணிப்பு? இதை அளக்க ஒரு வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், ப்ரையர் ஸ்கோர் என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோலிசோடா22 | ஜூன் 8, காலை 7.40

46 பெருசா 44 பெருசா ப்ரோ? இதுக்கு ஸ்கோர் வேற வேணுமா 😂

வானிலைக்காரர் | ஜூன் 8, காலை 9.05

க்ளென் ப்ரையர் அமெரிக்க வானிலைத் துறைக்காரர். 1950-ல் எழுதிய கட்டுரையில் இந்த அளவை முன்வைத்தார். "மழைக்கு 30% வாய்ப்பு" என்று சொல்பவரை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அவர் கேள்வி. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 30% தப்பாகிவிடாது அல்லவா? உங்கள் கேள்வியும் அதேதான்.

கணக்கு சின்னது. சொன்ன வாய்ப்பை 0.75 போலத் தசமமாக எழுதுங்கள். ஜெயித்தால் 1, தோற்றால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் எடுத்து, எல்லா மேட்சுக்கும் சராசரி போடுங்கள். குறைவாக வந்தால் நல்லது. 75% சொன்ன டீம் ஜெயித்தால் 0.0625, தோற்றால் 0.5625. எதுவுமே தெரியாமல் எல்லாவற்றுக்கும் 50% போடுபவருக்கு எப்போதும் 0.25 வரும்.

நண்பருக்குப் போடுவோம். சரியான 46-க்கும் தலா 0.01, தப்பான 24-க்கும் தலா 0.81. கூட்டினால் 19.9. 70-ஆல் வகுத்தால் 0.2843. அதாவது வாயைத் திறக்காமல் 50% போட்டவரை விட மோசம்.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 8, காலை 9.21

குரூப்பில் போட்டாச்சு. அமைதி நிலவுகிறது. என்னுடைய கணக்கு இது:

55% சொன்னது 20 மேட்ச், ஜெயித்தது 11
65% சொன்னது 20, ஜெயித்தது 12
75% சொன்னது 20, ஜெயித்தது 13
90% சொன்னது 10, ஜெயித்தது 8

ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் 4 ஆயிரத்துச் சொச்சம் என்று வருகிறது, ஏன்?

எக்செல் அக்கா | ஜூன் 8, காலை 10.02

65 என்று போட்டிருப்பாய் தம்பி. 0.65 என்று போடணும். 65-இலிருந்து 1 கழித்தால் 64, அதன் வர்க்கம் 4096, அதுதான் அந்த நாலாயிரம். இப்படிச் செய்:

```
D2:  =IF(C2="","",(B2-C2)^2)
D72: =AVERAGE(D2:D71)
```

B-யில் வாய்ப்பு, C-யில் 1 அல்லது 0. அந்த IF கட்டாயம் வேண்டும். மழையில் போன மேட்சுக்கு C காலியாக இருந்தால் ஷீட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும், நீ தோற்றதாகக் கணக்கு ஏறிவிடும். பெரிய எண் வந்தால் கண்ணில் படும், இந்தத் தப்பு படாது. 0.24 வர வேண்டியது 0.26 வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சூப்பர் ஓவர் போன மேட்சுக்குக் கடைசியில் ஜெயித்தவருக்கு 1. இதையெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடணும். முடிந்த பிறகு முடிவு செய்தால் கை தானாக நமக்குச் சாதகமாகத்தான் போகும்.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 8, காலை 10.30

0.2321. நண்பன் 0.2843. 0.25-க்குக் கீழே இருக்கிறேன், அப்போ நான் நல்ல கணிப்பாளர்தானே?

நாகு திருச்சி | ஜூன் 8, காலை 11.15

ஆமாம், 0.25-க்குக் கீழே இருந்தால் நல்லது, 0.20-க்குக் கீழே போனால் ரொம்ப நல்லது. பொதுவாக அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

வானிலைக்காரர் | ஜூன் 8, மதியம் 12.48

பாதி சரி. 0.25 என்பது 50% போடுபவரின் எண், அதைத் தாண்டாதவர் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் 0.20 என்று பொதுவாக ஒரு கோடு போட முடியாது. மேட்சுகள் எவ்வளவு ஒருதலையானவை என்பதைப் பொறுத்து எண் மாறும். பத்தில் ஒன்பது தடவை ஃபேவரிட்டே ஜெயிக்கும் தொடரில் எல்லாவற்றுக்கும் 90% போட்டாலே 0.09 வந்துவிடும். அங்கே 0.15 வாங்குபவர் சொதப்பியிருக்கிறார் என்று அர்த்தம். ஐபிஎல் போல ஏலத்தில் பலத்தைச் சமன் செய்யும் தொடரில் 0.23-ஐ விடக் கீழே இறங்குவதே கஷ்டம். அதனால் வேறு வேறு தொடர்களின் ஸ்கோரை ஒப்பிடாதீர்கள். ஒரே மேட்சுகளுக்கு இரண்டு பேர் போட்டதை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஸ்லிப்புக்கு ஒரு கசப்பான எண். உங்களுக்கு 70-ல் 44, அதாவது 62.9%. பிரித்துப் பார்க்காமல் எல்லா மேட்சிலும் நீங்கள் தேர்ந்த டீமுக்கே 62.9% போட்டிருந்தால் ஸ்கோர் 0.2335. நீங்கள் வாங்கியது 0.2321. 55, 65, 75, 90 என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் கிடைத்தது 0.0014-க்கும் குறைவு. 62.9 என்ற எண் சீசன் முடிந்த பிறகுதான் தெரியும் என்பது உண்மை. ஆனால் 60 என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தாலும் 0.2343 வந்திருக்கும்.

கோலிசோடா22 | ஜூன் 8, மதியம் 1.10

அப்போ நண்பன் எல்லாத்துக்கும் 65 போட்டிருந்தா?

வானிலைக்காரர் | ஜூன் 8, மதியம் 1.32

நல்ல கேள்வி. 46-க்கு தலா 0.1225, 24-க்கு தலா 0.4225. சராசரி 0.2254. ஸ்லிப்பை முந்தியிருப்பார். டீமைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்குக் குறையில்லை, சொன்ன நம்பிக்கைதான் அளவு மீறியது.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 8, மதியம் 1.35

இதை நான் குரூப்பில் போடப் போவதில்லை.

நாகு திருச்சி | ஜூன் 8, மாலை 4.20

எனக்கு ஒன்று புரியவில்லை. ஏன் வர்க்கம்? சும்மா வித்தியாசத்தையே சராசரி எடுத்தால் என்ன? 75% சொல்லி ஜெயித்தால் 0.25, தோற்றால் 0.75. படிக்கவும் சுலபம்.

வானிலைக்காரர் | ஜூன் 8, மாலை 6.03

அப்படிச் செய்தால் பொய் சொல்பவர் ஜெயிப்பார். ஒரு டீமுக்கு நிஜமாகவே 70% வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் நேர்மையாக 70% சொன்னால், வெறும் வித்தியாசத்தில் உங்களுக்கு எதிர்பார்க்கும் தண்டனை 0.7 × 0.3 + 0.3 × 0.7 = 0.42. நான் 100% என்று அடித்துவிட்டால் எனக்கு 0.30 மட்டுமே. அதாவது மனதில் 70 இருந்தாலும் வாயில் 100 சொல்லச் சொல்கிறது அந்த அளவு.

வர்க்கம் எடுத்தால் நேர்மையான 70-க்கு 0.21, என் 100-க்கு 0.30. 60 சொன்னாலும் 80 சொன்னாலும் 0.22. மனதில் உள்ள எண்ணைச் சொல்வதே லாபம் என்று அமையும். ப்ரையரின் அளவு இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எக்செல் அக்கா | ஜூன் 9, காலை 8.15

ஸ்லிப்பின் பட்டியலை மறுபடி பாருங்கள். 55 சொன்னதில் 11/20, அப்பட்டமாக 55%. 65-க்கு 60% வந்திருக்கிறது, 75-க்கு 65%, 90-க்கு 80%. மேலே போகப் போக சொன்னது ஏறுகிறது, நடந்தது அந்த வேகத்தில் ஏறவில்லை. தம்பிக்கு நம்பிக்கை கொஞ்சம் தூக்கல். 90% தம்பிக்கு உள்ள வியாதியேதான், டோஸ் குறைவு.

இதை ஷீட்டில் பார்க்க ஒவ்வொரு தொகுப்புக்கும்:

```
=AVERAGEIFS(C2:C71,B2:B71,">=0.7",B2:B71,"<0.8")
=COUNTIFS(B2:B71,">=0.7",B2:B71,"<0.8",C2:C71,"<>")
```

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். எத்தனை மேட்ச் என்று தெரியாமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 9, காலை 8.50

90-க்கு 80 என்றால் பெரிய ஓட்டை இல்லையா அக்கா?

எக்செல் அக்கா | ஜூன் 9, காலை 9.10

பத்து மேட்ச்தான் இருக்கிறது. ஒன்பது ஜெயிக்க வேண்டியது எட்டு ஜெயித்திருக்கிறது. ஒரே ஒரு மேட்ச், கடைசி ஓவரில் ஒரு சிக்ஸ்.

வானிலைக்காரர் | ஜூன் 9, காலை 10.25

அக்கா சொன்னதற்கு ஒரு கணக்கு. 20 மேட்சுக்கு 75% சொன்னால் 15 ஜெயிக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னது முழுக்கச் சரியாக இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் அது இரண்டு கூடவோ குறையவோ வருவது சாதாரணம். உங்களுக்கு 13. சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள்தான் இருக்கிறது. 75, 90 இரண்டையும் சேர்த்தால் 24 வர வேண்டிய இடத்தில் 21. அந்த முப்பதுக்கு இயல்பான ஏற்ற இறக்கம் சுமார் 2.2 மேட்ச். மூன்று குறைந்திருக்கிறது. சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுத முடியாது.

பத்துப் பத்தாக இல்லாமல் 5 சதவீதத்துக்கு ஒரு தொகுப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நாலு மேட்ச் வைத்து, கோடு மேலும் கீழும் குதிப்பதைக் காட்டி, சொன்னதும் நடந்ததும் பொருந்தவில்லை, "கேலிப்ரேஷன் சரியில்லை" என்பவர்கள் நிறைய. ஒரு தொகுப்பில் 20-க்குக் கீழே இருந்தால் பக்கத்துத் தொகுப்போடு சேர்த்துவிடுங்கள்.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 9, இரவு 9.44

சரி, சந்தேகத்தின் பேரிலேயே சரி செய்ய வேண்டுமென்றால்? எல்லாவற்றையும் 50 பக்கம் கொஞ்சம் இழுத்தால்? 50-க்கு மேலே உள்ளதில் முக்கால் பங்கு மட்டும் வைத்துப் பார்த்தேன். 90 என்பது 80 ஆகிறது, 75 என்பது 68.75, 65 என்பது 61.25, 55 என்பது 53.75. ஸ்கோர் 0.2276.

வானிலைக்காரர் | ஜூன் 10, காலை 7.30

சரியான வழி. எவ்வளவு லாபம் கிடைக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆலன் மர்ஃபி என்ற வானிலை ஆய்வாளர் 1973-ல் ப்ரையர் ஸ்கோரை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். உங்கள் கணக்கில் மேட்சுகளின் கஷ்டம் 0.2335. அதிலிருந்து, மேட்சுகளை வேறுபடுத்திப் பார்த்ததற்குப் பரிசாக 0.0063 கழிகிறது. சொன்னதும் நடந்ததும் விலகியதற்குத் தண்டனையாக 0.0050 கூடுகிறது. தசமத்தைச் சுருக்காமல் கூட்டினால் மொத்தம் 0.2321, பொருந்துகிறது.

நம்பிக்கையை எப்படித் திருத்தினாலும் அந்த 0.0050-ஐத்தான் மீட்க முடியும். நீங்கள் முக்காலாக இழுத்ததில் 0.0045 வந்துவிட்டது. ஆனால் முக்கால் என்ற எண்ணை இதே 70 மேட்சைப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்? அதே 70-ல் அது நன்றாக வேலை செய்வதில் அதிசயம் இல்லை. அடுத்த சீசனுக்கு முக்கால் என்று இப்போதே எழுதி வைத்து, அங்கே சோதியுங்கள்.

இன்னொன்று. 0.0063 என்ற பரிசில் மூன்றில் இரண்டு பங்கு, 0.0042, அந்த பத்து 90% மேட்சிலிருந்து வருகிறது. 65-க்கும் 75-க்கும் நடுவே நீங்கள் கண்ட வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றும் தரவில்லை. ஒன்றில் 12, இன்னொன்றில் 13.

கோலிசோடா22 | ஜூன் 10, காலை 11.20

சீரியஸா ஒரு ஐடியா. 70 மேட்ச் பத்தலைன்னா டிவியில ஒவ்வொரு பந்துக்கும் வின் பர்சென்ட் காட்டுறாங்கல்ல, அதை எடுத்தா ஒரு மேட்சுக்கு 240 பந்து, 70 மேட்சுக்கு 16,800 கணிப்பு! டேட்டா பிரச்சனையே தீர்ந்துச்சு.

நாகு திருச்சி | ஜூன் 10, காலை 11.41

அட, நல்லாத்தான் இருக்கு.

வானிலைக்காரர் | ஜூன் 10, மதியம் 2.15

தீரவில்லை தம்பி. 240 கணிப்புக்கும் முடிவு ஒன்றே ஒன்று. 14-வது ஓவரில் 80% என்று காட்டி டீம் தோற்றால், அடுத்த பந்தில் காட்டிய 81-ம், அதற்கடுத்த 79-ம் சேர்ந்தே தோற்கும். அவை தனித்தனிச் சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றுவது. உங்களிடம் இருப்பது இன்னமும் 70 முடிவுகள்தான். 16,800 என்று நம்பிப் பிழை வரம்பு போட்டால் அது அபத்தமாகச் சுருங்கிவிடும்.

டிவி எண்ணைச் சோதிக்க ஆசையென்றால் ஒரு மேட்சுக்கு ஒரு இடத்தை நிலையாக வையுங்கள், உதாரணமாக இரண்டாவது இன்னிங்ஸில் 10 ஓவர் முடிந்ததும். எல்லா மேட்சிலும் அதே இடம். கடைசி ஓவர்களைச் சேர்த்தால் எல்லாருமே மேதை. 6 பந்தில் 40 வேண்டும் என்றால் 99% சொல்ல நிபுணர் தேவையில்லை, சராசரி மட்டும் அழகாக இறங்கும்.

ஆஃப்சைடு | ஜூன் 10, இரவு 10.08

ஃபுட்பால்காரன் ஒருத்தன் உள்ளே வரலாமா? இங்கிலீஷ் ப்ரீமியர் லீக் கணிப்புக்கு எனக்கு 0.59 வருகிறது. இங்கே எல்லாரும் 0.23 என்கிறீர்கள். நான் இவ்வளவு மோசமா?

எக்செல் அக்கா | ஜூன் 10, இரவு 10.30

டிரா இருக்கிறதே, மூன்று முடிவையும் கூட்டியிருப்பாய். அது வேறு அளவுகோல். 50, 30, 20 என்று சொல்லி முதல் டீம் ஜெயித்தால் 0.25 + 0.09 + 0.04, மொத்தம் 0.38. டிரா என்றால் 0.78, மூன்றாவது நடந்தால் 0.98. மூன்றுக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு போடுபவருக்கு எப்போதும் 0.667 வரும். உன் 0.59-ஐ அதோடு ஒப்பிடு. ப்ரையர் முதலில் எழுதியதே இந்தக் கூட்டல் வடிவம், 0 முதல் 2 வரை போகும். இரண்டே முடிவு உள்ளபோது அதில் பாதியைத்தான் நாங்கள் இங்கே போடுகிறோம்.

ஆஃப்சைடு | ஜூன் 10, இரவு 10.52

அப்பாடா. ஆனால் ஒரு குறை. 50, 30, 20 சொல்கிறேன். இன்னொருத்தர் 50, 20, 30 சொல்கிறார். முதல் டீமே ஜெயிக்கிறது. இருவருக்கும் 0.38. ஆனால் நான் ஜெயிப்புக்கும் டிராவுக்கும் அதிக எடை கொடுத்தேன், அவர் தோல்விக்குக் கொடுத்தார். நான்தான் கிட்டே இருந்தேன் அல்லவா?

வானிலைக்காரர் | ஜூன் 11, காலை 6.50

வெற்றி, டிரா, தோல்வி என்று வரிசை இருப்பதாக எடுத்துக்கொண்டு சேர்த்துச் சேர்த்து அளக்கும் ஆர்பிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்கு 0.145, அவருக்கு 0.17. ஃபுட்பாலுக்கு அதுதான் சரி என்று 2012-ல் கான்ஸ்டன்டினூவும் ஃபென்டனும் எழுதினார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நடந்தது ஒன்று, நடக்காததை எப்படிப் பிரித்துக் கொடுத்தார் என்பதற்கு ஏன் மார்க்?

ஆஃப்சைடு | ஜூன் 11, காலை 7.05

89-வது நிமிஷம் ஒரு கோல் வாங்கினால் வெற்றி டிராவாகும், ஒரேயடியாகத் தோல்வி ஆகாது சார். வரிசை ஆட்டத்திலேயே இருக்கிறது.

வானிலைக்காரர் | ஜூன் 11, காலை 7.22

ஃபுட்பாலில் ஒத்துக்கொள்கிறேன். டெஸ்ட் கிரிக்கெட்டில்? ஐந்தாம் நாள் கடைசி ஒரு மணி நேரத்தில் மூன்று முடிவும் திறந்திருக்கும் மேட்ச்கள் உண்டு. மழை நாளில் டிரா என்பது நடுவில் இல்லை, தனியாக எங்கோ இருக்கிறது.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 11, மாலை 5.15

என் கேஸுக்கு வருவோம். எனக்கும் நண்பனுக்கும் அடுத்த சீசனில் நியாயமான போட்டி வேண்டும். அவனும் இப்போது 60-களில் போட ஒத்துக்கொண்டான். ஒரு சீசனில் யார் மேல் என்று தெரிந்துவிடுமா?

வானிலைக்காரர் | ஜூன் 11, இரவு 8.40

தெரியாது. உண்மை 65% என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எல்லா மேட்சுக்கும் 65 சொல்கிறீர்கள், அவர் அதே டீமுக்கு 60 சொல்கிறார். சராசரியில் உங்கள் லாபம் மேட்சுக்கு 0.0025. ஆனால் ஒவ்வொரு மேட்சிலும் இருவர் ஸ்கோரின் வித்தியாசம் சுமார் 0.048 அளவுக்கு ஆடும். ஜெயித்தால் நீங்கள் 0.0375 முன்னே, தோற்றால் 0.0625 பின்னே. இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே 0.0025-ஐ ஓரளவு உறுதியாகக் காண ஏறக்குறைய 1,450 மேட்ச் வேண்டும். சீசனுக்கு 74 என்றால் சுமார் 20 சீசன்.

90% போடுவது போன்ற பெரிய தப்பு ஒரே சீசனில் அகப்பட்டுவிடும். ஐந்து சதவீத வித்தியாசம் அகப்படாது. இருவர் ஸ்கோரையும் தனித்தனியே சராசரி போட்டு ஒப்பிடாமல், மேட்ச் மேட்சாக வித்தியாசம் எடுத்துப் பாருங்கள். கஷ்டமான மேட்ச் இருவருக்கும் கஷ்டம்தான், அந்த இரைச்சல் கழிந்துவிடும்.

கோலிசோடா22 | ஜூன் 11, இரவு 8.58

20 சீசன் கழிச்சு ரெண்டு பேருக்கும் பேரன் பேத்தி இருக்கும், அவங்க பார்த்துப்பாங்க.

எக்செல் அக்கா | ஜூன் 12, காலை 9.30

போட்டி வைப்பதானால் மூன்றாவது ஆளையும் சேர். வெளியூர் பந்தய விலையை வாய்ப்பாக மாற்றிப் பக்கத்துப் பத்தியில் போடு. பணம் கட்டச் சொல்லவில்லை, அளவுகோலாக மட்டும். 1.80, 2.10 என்று இருந்தால் தலைகீழாக்கு: 0.5556, 0.4762. கூட்டினால் 1.0317. அந்த மிச்சம் கடைக்காரரின் லாபம். இரண்டையும் 1.0317-ஆல் வகுத்தால் 53.8%, 46.2%. வகுக்காமல் விட்டால் அளவுகோலே கோணலாகிவிடும்.

டாஸுக்கு முந்தைய விலையைத்தான் எடுக்கணும். நீ டாஸுக்கு முன் சொன்னதை டாஸ் முடிந்து பதினொருவர் பட்டியலும் வந்த பிறகான விலையோடு ஒப்பிட்டால், தோற்றது உன் கணிப்பா நேரமா என்று தெரியாது.

நாகு திருச்சி | ஜூன் 12, காலை 10.05

சந்தேகமான மேட்சை விட்டுவிடலாமா? எனக்குத் தெளிவாகத் தெரிந்த மேட்சுக்கு மட்டும் சொன்னால் ஸ்கோர் நன்றாக வருமே.

எக்செல் அக்கா | ஜூன் 12, காலை 10.12

வரும். அதனால்தான் கூடாது. விட்டதற்கு 50% என்று நானே போட்டுவிடுவேன்.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 12, மாலை 6.40

விதிகள் எழுதியாச்சு. டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு, திருத்தம் கிடையாது, விட்டால் 50, மழை என்றால் நீக்கம், விலைப் பத்தி அக்கா பொறுப்பு. நண்பன் ஒன்றில்தான் முரண்டு பிடிக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது 100% போடணுமாம்.

வானிலைக்காரர் | ஜூன் 12, இரவு 9.15

போடட்டும். ப்ரையரில் அதிகபட்ச தண்டனை 1 தான், 70 மேட்ச் சராசரியில் 0.0143. 95% சொல்லித் தோற்றாலே 0.9025, அதிலிருந்து அதிக தூரமில்லை. லாகரிதம் அளவில் வைத்தால் 100 சொல்லித் தோற்ற அன்றே ஸ்கோர் முடிவிலிக்குப் போய்விடும், மொத்த சீசனும் காலி. எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

மூணாவது ஸ்லிப் | ஜூன் 12, இரவு 9.31

லாகரிதம் வேண்டும் என்கிறான். "நான் தோற்க மாட்டேன்" என்கிறான்.